6.64 கேள்வி கேட்க முடியுமா? பிட்டும் மடக்கையும் சேரும் இடம்

பிட் என்றால் கணினிக்குள் இருக்கும் 0 அல்லது 1 என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அது சரிதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால், "இந்தச் செய்தியில் 6.64 பிட் தகவல் இருக்கிறது" என்ற வரியைப் படிக்கும்போது தடுமாற வேண்டியிருக்கும். 0 இருக்கும், 1 இருக்கும், 0.64 எப்படி இருக்கும்?

பிட் என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் பயன்படுத்துவதால் வரும் தடுமாற்றம் இது. ஒன்று, 0 அல்லது 1 எழுதிவைக்கும் இடம். மற்றொன்று, ஒரு பதிலிலிருந்து நமக்குக் கிடைக்கும் தகவலின் அளவு. பால் பாத்திரத்தையும் பாலையும் 'லிட்டர்' என்ற ஒரே சொல்லால் சொல்வது போல. ஒரு லிட்டர் பாத்திரத்தில் 640 மில்லி பால் இருக்கலாம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். இந்தக் கட்டுரை இரண்டாவது பொருளைப் பற்றியது. அதற்கு ஒரு பழைய விளையாட்டு போதும்.

## ஒன்று முதல் நூறு வரை ஒரு எண்

ஒருவர் 1 முதல் 100 வரை ஒரு எண்ணை மனதில் நினைத்துக்கொள்கிறார். நாம் கேள்வி கேட்கலாம். அவர் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டும் சொல்லுவார். எத்தனை கேள்வியில் கண்டுபிடிக்கலாம்?

அவர் நினைத்தது 73 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் மிச்சமிருக்கும் எண்களை முடிந்தவரை பாதியாகப் பிரிக்கும்படி கேட்போம்.

"50-ஐ விடப் பெரியதா?" ஆம். இனி 51 முதல் 75 வரை ஒரு பாதி, 76 முதல் 100 வரை மறு பாதி. மிச்சம் 50 எண்கள்.

"75-ஐ விடப் பெரியதா?" இல்லை. மிச்சம் 51 முதல் 75 வரை, 25 எண்கள்.

25 ஒற்றைப்படை. சரிபாதி ஆகாது. 13, 12 என்று பிரிப்போம். "63-ஐ விடப் பெரியதா?" ஆம். மிச்சம் 64 முதல் 75 வரை, 12 எண்கள்.

"69-ஐ விடப் பெரியதா?" ஆம். மிச்சம் 6.

"72-ஐ விடப் பெரியதா?" ஆம். மிச்சம் 73, 74, 75 என்று 3.

"73-ஐ விடப் பெரியதா?" இல்லை. அப்படியானால் 73-தான்.

ஆறு கேள்வியில் முடிந்தது. அவர் 74-ஐ நினைத்திருந்தால் கடைசிப் பதில் 'ஆம்' என்று வந்திருக்கும். 74-ஆ 75-ஆ என்று இன்னொரு கேள்வி, மொத்தம் ஏழு, தேவைப்பட்டிருக்கும்.

இந்த விளையாட்டில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "50-ஐ விடப் பெரியதா" என்று கேட்டு 'இல்லை' என்ற பதில் வந்ததும், 50-ஐயும் சேர்த்துக் கழித்துவிடுவார்கள். 'இல்லை' என்றால் 1 முதல் 50 வரை, 50-உம் உள்ளே. கடைசியில் ஒரு எண்ணும் மிஞ்சாமல் போனால் இந்தப் பிழைதான் நடந்திருக்கிறது.

## பாதியாக்குவதை எண்ணுவதுதான் மடக்கை

எண்கள் 16 மட்டும் இருந்தால் கணக்கு சுத்தமாக வரும். 16, 8, 4, 2, 1. நான்கு முறை பாதியாக்கினால் ஒன்று மிஞ்சும். எனவே நான்கு கேள்வி. இதையே திருப்பிப் பாருங்கள். ஒன்றிலிருந்து தொடங்கி நான்கு முறை இரட்டித்தால் 16. அதாவது 2 × 2 × 2 × 2 = 16.

இரண்டை எத்தனை முறை பெருக்கினால் இந்த எண் கிடைக்கும் என்ற கேள்விக்கு விடைதான் அடிமானம் 2 உடைய மடக்கை. பள்ளிப் பாடத்தில் 'லாக்' என்று வந்த அதேதான். log₂(16) = 4 என்று எழுதுவார்கள். 'பதினாறு பேரில் ஒருவரைக் கண்டுபிடிக்க எத்தனை முறை பாதியாக்க வேண்டும்' என்று அதை வாசித்தால் பயம் போய்விடும்.

எண்கள் இரட்டிப்பாகும்போது ஒரே ஒரு கேள்விதான் கூடுகிறது என்பதையும் கவனியுங்கள். 32-க்கு 5 கேள்வி, 64-க்கு 6, 128-க்கு 7. பத்துக் கேள்வியில் 1,024 எண்களுக்குள் ஒன்றைக் கண்டுபிடிக்கலாம். இருபது கேள்வியில் 10,48,576 எண்களுக்குள்.

நூறு, 64-க்கும் 128-க்கும் நடுவில் இருக்கிறது. எனவே log₂(100) என்பது 6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அறிவியல் கால்குலேட்டரில் உள்ள log பொத்தான் பொதுவாக அடிமானம் 10 உடையது. அதைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். log 100 என்பது 2. log 2 என்பது 0.30103. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 6.644.

நிரல் எழுதுபவர்கள் இங்கே ஒரு தவறு செய்வதுண்டு. பைத்தானில்

```python
import math
math.log(100)    # 4.605...
math.log2(100)   # 6.643...
```

முதல் வரியில் வருவது e என்ற மாறிலியை அடிமானமாகக் கொண்ட மடக்கை. விடை 4.6 என்று வந்தால், நூறு எண்களுக்கு ஐந்து கேள்வி போதும் என்று ஆகிவிடும். ஐந்து கேள்வி 32 எண்களுக்கு மேல் பிரித்துக்காட்டாது. அதை வைத்தே பிழையைக் கண்டுகொள்ளலாம்.

இதுவரை பார்த்தது: ஒரு ஆம்-இல்லை கேள்வி வாய்ப்புகளைப் பாதியாக்குகிறது. எத்தனை முறை பாதியாக்க வேண்டும் என்பதை log₂ சொல்கிறது. ஒருமுறை சரிபாதியாக்கினால் கிடைக்கும் தகவலுக்கு ஒரு பிட் என்று பெயர்.

## ஏன் மடக்கையே வேண்டும்?

தகவலை அளக்க, வாய்ப்புகளின் எண்ணிக்கையையே சொல்லிவிட்டால் என்ன? 'நூறில் ஒன்று' என்றால் போதாதா?

போதாது. காரணம் இது. ஒருவர் 16-க்குள் ஒரு எண்ணையும், அவர் நண்பர் 16-க்குள் இன்னொரு எண்ணையும் நினைக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து 16 × 16 = 256 வாய்ப்புகள். ஆனால் உழைப்பு அப்படிப் பெருகவில்லை. முதலாமவரிடம் 4 கேள்வி, இரண்டாமவரிடம் 4 கேள்வி, மொத்தம் 8. வாய்ப்புகள் பெருகுகின்றன, கேள்விகள் கூடுகின்றன. பெருக்கலைக் கூட்டலாக மாற்றித் தருவதுதான் மடக்கையின் வேலை. இரண்டு செய்தி கிடைத்தால் அவற்றின் தகவலைக் கூட்டிச் சொல்ல முடிய வேண்டும் என்றால், மடக்கையைத் தவிர வேறு வழி இல்லை.

பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ரால்ஃப் ஹார்ட்லி 1928-இல் தந்தி, தொலைபேசிச் செய்திகளை அளக்க மடக்கையைக் கையில் எடுத்தது இதனால்தான். 1948-இல் அதே ஆய்வகத்தின் கிளாட் ஷானன் ஒரு கட்டுரையில் இந்த அளவை முழுமையான கோட்பாடாக்கினார். 'பிட்' என்ற பெயர் ஜான் டியூக்கி சொன்னது என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்.

அடிமானம் 2 என்பது வசதிக்காக எடுத்துக்கொண்டது. கேள்விக்கு இரண்டு பதில் என்பதால் 2. பத்துப் பதில் உள்ள கேள்விகளாக இருந்தால் 10-ஐ எடுத்துக்கொள்ளலாம். அப்போது அலகு மாறும். மீட்டருக்குப் பதில் அடியில் அளப்பது போலத்தான். ஒரு தசம இலக்கம் என்பது ஏறக்குறைய 3.32 பிட்.

## அந்த 0.64 எங்கே ஒளிந்திருக்கிறது?

6.64 கேள்வி என்று யாரும் கேட்க முடியாது. ஆறு கேட்கலாம், ஏழு கேட்கலாம். அப்படியானால் 6.64-க்கு என்ன பொருள்? பலரும் அதை 7 என்று முழுமையாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உண்மையான விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஒரு பதில் தந்த தகவலை இப்படி அளக்கலாம்: பதிலுக்கு முன் இருந்த வாய்ப்புகளை, பதிலுக்குப் பின் மிஞ்சிய வாய்ப்புகளால் வகுத்து, log₂ எடுக்க வேண்டும். 100 எண்கள் 50 ஆனால் log₂(2), அதாவது 1 பிட். இப்போது 73-ஐக் கண்டுபிடித்த ஆறு பதில்களையும் வரிசையாகப் பாருங்கள்.

100 → 50: 1 பிட்
50 → 25: 1 பிட்
25 → 12: 1.059 பிட்
12 → 6: 1 பிட்
6 → 3: 1 பிட்
3 → 1: 1.585 பிட்

கூட்டிப் பாருங்கள். 6.644. ஆறே கேள்வி, ஆனால் தகவல் 6.644 பிட். கடைசிப் பதில் மூன்றை ஒன்றாக்கிவிட்டதால் ஒரு பிட்டுக்கு மேலேயே தந்துவிட்டது.

74-ஆக இருந்திருந்தால்? முதல் ஐந்து பதில்கள் அதேதான், 5.059 பிட். ஆறாவது பதில் மூன்றை இரண்டாக மட்டும் குறைத்திருக்கும், 0.585 பிட். ஏழாவது பதில் 1 பிட். கூட்டினால் மீண்டும் 6.644. கேள்விகள் ஏழு, தகவல் அதேதான்.

எந்த எண்ணை நினைத்தாலும், எந்தப் பாதையில் போனாலும், இந்தக் கூட்டுத்தொகை மாறாது. 100-இல் தொடங்கி 1-இல் முடிகிறோம். நடுவில் எந்த ஊர் வழியாகப் போனாலும் மொத்த தூரம் ஒன்றே. மாறுவது கேள்விகளின் எண்ணிக்கை மட்டும். நூறு எண்களில் 28 எண்கள் ஆறு கேள்வியிலும், மீதி 72 எண்கள் ஏழு கேள்வியிலும் கிடைக்கும். சராசரி 6.72. இதைவிடக் குறைவான சராசரியை எந்தக் கேள்வி வரிசையாலும் எட்ட முடியாது, எண்களை ஒவ்வொன்றாகக் கேட்கும் வரை.

ஒன்றாகச் சேர்த்துக் கேட்டால்? இங்கேதான் 0.64 கையில் அகப்படுகிறது. மூன்று பேர் ஆளுக்கு ஒரு எண்ணை, 00 முதல் 99 வரை, நினைத்துக்கொள்கிறார்கள். தனித்தனியாகக் கேட்டால் அதிகபட்சம் 21 கேள்வி தேவை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஆறு இலக்க எண் ஒன்று வரும், வங்கி அனுப்பும் ஓடிபி போல. மொத்தம் 10,00,000 வாய்ப்புகள். இருபது கேள்வி 10,48,576 வரை பிரித்துக்காட்டும் என்று மேலே பார்த்தோம். எனவே 20 கேள்வி போதும். ஓர் எண்ணுக்கு 6.67. இப்படி நூறு எண்களைச் சேர்த்துவைத்தால் 665 கேள்வி. ஓர் எண்ணுக்கு 6.65. எத்தனை எண்களைச் சேர்த்தாலும் 6.644-க்குக் கீழே போகாது. அதுதான் தரை.

இதுவரை பார்த்தது: log₂(100) என்பது கேள்விகளின் எண்ணிக்கை அல்ல, தேவைப்படும் தகவல். கேள்விகள் அதைக் கொண்டுவந்து சேர்க்கும் வண்டிகள். சில வண்டி நிறைந்து வரும், சில வண்டி பாதி காலியாக வரும்.

## காலி வண்டிகள்

"ஒன்றா?" என்று தொடங்குபவரை எடுத்துக்கொள்வோம். 'ஆம்' என்று வந்தால் ஒரே அடியில் 6.644 பிட். அந்த நப்பாசையில்தான் அப்படிக் கேட்கிறோம். ஆனால் நூறில் 99 முறை 'இல்லை' என்றுதான் வரும். அது 100-ஐ 99 ஆக்கும், 0.0145 பிட். இரண்டு பதிலும் எத்தனை முறை வரும் என்பதைச் சேர்த்துச் சராசரி பார்த்தால், அந்தக் கேள்வியின் மதிப்பு ஒரு பிட்டில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். சரிபாதியாகப் பிரிக்கும் கேள்வியின் சராசரி முழு ஒரு பிட். ஆம்-இல்லை கேள்வி எதுவும் சராசரியில் அதைத் தாண்டாது.

இன்னும் மோசமான கேள்வி, விடை ஏற்கெனவே தெரிந்த கேள்வி. "இரட்டைப்படையா?" என்று கேட்டு 'ஆம்' வாங்கிய பிறகு "கடைசி இலக்கம் 7-ஆ?" என்று கேட்டால் எதுவும் குறையாது. முன்பும் பின்பும் ஒரே எண்ணிக்கை; 1-இன் மடக்கை 0. சரியாக 0 பிட். நேரில் விளையாடும்போது இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. வெவ்வேறு சொற்களில் கேட்ட இரண்டு கேள்விகள் ஒன்றின் மேல் ஒன்று பாதி படிந்திருக்கும். கேள்வி கேட்ட பின் மிச்ச எண்ணிக்கையை எழுதிவைத்தால் மட்டுமே பிடிபடும்.

## எல்லா விடையும் ஒரே அளவில் வராதபோது

நூறு எண்களும் சமவாய்ப்பு உடையவை என்று இதுவரை வைத்துக்கொண்டோம். உலகம் அப்படி இருப்பதில்லை.

ஒரு டீக்கடை. எட்டு பேர் வந்தால் சராசரியாக 4 பேர் டீ, 2 பேர் காபி, ஒருவர் பால், ஒருவர் சுக்கு மல்லி காபி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வருபவர் என்ன கேட்பார்? நான்கு பண்டம், log₂(4) = 2, எனவே 2 பிட் என்று சொல்லத் தோன்றும். அது நான்கும் சமமாக விற்றால்தான் சரி.

நாம் வைத்திருக்கும் சூத்திரமே இங்கும் போதும். எட்டு பேரில் 'டீ' என்று தெரிந்தால் வாய்ப்பு நான்கு பேராகக் குறைகிறது: log₂(8÷4) = 1 பிட். காபி: log₂(8÷2) = 2 பிட். பால்: log₂(8÷1) = 3 பிட். சுக்கு மல்லியும் 3 பிட். அடிக்கடி வருவது குறைந்த தகவல். அரிதாக வருவது கூடுதல் தகவல். எட்டு பேருக்கும் கூட்டினால் 4 + 4 + 3 + 3 = 14. ஓர் ஆளுக்கு 1.75 பிட். இந்தச் சராசரிக்குத்தான் ஷானன் 'என்ட்ரோபி' என்று பெயர் வைத்தார்.

கேள்வி வடிவிலும் சரிபார்க்கலாம். "டீயா?" என்று முதலில், "காபியா?" என்று அடுத்து, "பாலா?" என்று கடைசியில். டீக்காரருக்கு ஒரு கேள்வி, காபிக்காரருக்கு இரண்டு, மற்ற இருவருக்கும் மூன்று. சராசரி அதே 1.75.

ஆனால் கணிப்பு தவறினால் தண்டம் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் நான்கும் சமமாக விற்கத் தொடங்கிவிட்டன, நாமோ பழைய வரிசையிலேயே கேட்கிறோம் என்றால் சராசரி (1 + 2 + 3 + 3) ÷ 4 = 2.25. சமவாய்ப்புக்குத் தேவையான 2-ஐ விடக் கால் கேள்வி கூடுதல். கேள்விகள் எதிர்பார்த்ததைவிட மெல்ல மெல்லக் கூடிவருகின்றன என்றால், நாம் நம்பியிருக்கும் விகிதம் மாறிவிட்டது என்று பொருள்.

## ஒரு தமிழ் எழுத்தில் எத்தனை பிட்?

இப்போது பால் பாத்திரத்துக்குத் திரும்பலாம். தமிழ் எழுத்துகள் 247. ஒருவர் அதில் ஒன்றை நினைக்கிறார், எல்லாம் சமவாய்ப்பு என்று கொள்வோம். log₂(247) என்பது 7.95. எட்டுக் கேள்வி 256 வரை தாங்கும் என்பதால் எட்டு போதும், கவனமாகப் பிரித்தால்.

"உயிர்மெய்யா?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். 216 எழுத்துகளுக்கு 'ஆம்', 31-க்கு 'இல்லை'. சராசரியாக அரை பிட்தான் தரும். அதைவிட, "க வரிசை முதல் ப வரிசை வரை உள்ளதா?" என்று கேட்பது மேல். மெய்யும் சேர்த்து வரிசைக்கு 13 எழுத்து. ஒன்பது வரிசைக்கு 117. மறுபக்கம் 130. நல்ல பிரிவுதான், ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. மிச்சம் ஏழு கேள்வி 128 வரைதான் தாங்கும். 130 அதைத் தாண்டுகிறது. சில எழுத்துகளுக்கு ஒன்பதாவது கேள்வி தேவைப்படும். ஃ என்ற ஆய்தத்தையும் ஐந்து குறில் உயிர்களையும் 'ஆம்' பக்கம் சேர்த்துக் கேட்டால் 123, 124 என்று ஆகும். எட்டில் முடித்துவிடலாம்.

இனி அதே எழுத்தைக் கணினி எப்படி வைத்துக்கொள்கிறது என்று பாருங்கள். இன்று இணையத்தில் பரவலாக உள்ள UTF-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், அதாவது 24 பிட் இடம் போகிறது. 'க' ஒரு குறியீடு, 24 பிட். 'கி' என்பது க-வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடு; 48 பிட். 'க்' என்பதும் அப்படியே, புள்ளிக்குத் தனிக் குறியீடு. இடம் 48 பிட். உள்ளே இருக்கும் தகவல் சமவாய்ப்பிலேயே 8 பிட்டுக்குள். கோப்பை ஜிப் செய்தால் சுருங்குவது இந்த வெற்றிடத்தால்தான். ஒருமுறை சுருக்கிய கோப்பை மறுபடி ஜிப் செய்தால் பெரிதாகக் குறையாததும் அந்த வெற்றிடம் தீர்ந்துவிட்டதால்தான்.

உண்மையான எழுத்தில் தகவல் இன்னும் குறைவு, ஏனென்றால் முந்தைய எழுத்துகளே அடுத்ததைக் காட்டிக்கொடுத்துவிடும். 'வணக்க' வரை படித்துவிட்டீர்கள். அடுத்து 'ம்' வரும் என்று பதினாறுக்குப் பதினைந்து முறை சரியாகச் சொல்ல முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வந்தபோது உங்களுக்குக் கிடைப்பது log₂(16÷15), அதாவது 0.093 பிட். அந்த 'ம்' கோப்பில் பிடிக்கும் இடம் அப்போதும் 48 பிட்.